பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே பானை: குழுச் சேமிப்பும் உள்கடனும் எப்படி இயங்குகின்றன?

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசுவதற்கான உரை)

வட்டமாக உட்காருங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் தனியாக முன்னால் உட்கார வேண்டாம், எல்லாரோடும் கலந்து உட்காருங்கள். நோட்டுப் புத்தகங்கள் நடுவில் இருக்கட்டும். இன்று அவற்றைத்தான் படிக்கப் போகிறோம்.

குழு தொடங்கி ஒரு வருடம் ஆனதும் ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் ஒரே கேள்வி கிளம்பும். "வருஷம் பூரா வாரா வாரம் அம்பது ரூபா கட்டினோம். பன்னெண்டு பேரு. இன்னிக்குப் பெட்டியைத் திறந்தா நானூறு ரூபாதான் இருக்கு. மிச்சப் பணமெல்லாம் எங்கே?" நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவரை யாரும் முறைத்துப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தானாகப் பதில் சொல்ல முடிந்தால் அந்தக் குழுவை யாரும் ஏமாற்ற முடியாது. ஊக்குநருக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் குழு ஆபத்தில்தான் இருக்கிறது.

பணத்தை எடுத்து வைத்துப் பேசினால் சிலருக்குக் கணக்கு என்றதுமே பயம் வந்துவிடுகிறது. அதனால் முதலில் அரிசியை வைத்துப் பேசுவோம். அரிசிக் கணக்கில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ஒரு தெருவில் பன்னிரண்டு வீடு. எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய பானை வாங்கித் தெருமுனை வீட்டில் வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆழாக்கு அரிசி அந்தப் பானைக்கு வர வேண்டும். ஓர் ஆழாக்கு எடுத்துப் போட்டதால் அந்த வாரம் எந்த வீட்டிலும் உலை குறையாது. ஆனால் பானையில் பன்னிரண்டு ஆழாக்கு, அதாவது ஒன்றரைப் படி சேர்ந்துவிடும். நான்கு வாரத்தில் ஆறு படி. தனி ஒரு வீட்டில் தினம் ஒரு பிடி ஒதுக்கி வைத்து ஆறு படி சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்குள் ஒரு விருந்தாளி வந்தால் ஒதுக்கிய அரிசியும் உலையில் போய்விடும்.

சேமிப்பு என்பது இவ்வளவுதான். இதில் முக்கியம் அளவு இல்லை, ஒரே அளவாக, ஒரே நாளில், எல்லார் கண் முன்னாலும் வருவதுதான். ஒரு வீட்டுக்காரர் இந்த வாரம் விட்டுவிட்டு அடுத்த வாரம் இரண்டு ஆழாக்காகப் போடுகிறேன் என்று சொல்வார். அரிசி வந்துவிடும், சரிதான். ஆனால் நான்கு வீட்டார் அப்படிச் சொன்னால் அந்த வாரம் கேட்டு வந்தவருக்குக் கொடுக்கப் பானையில் இருக்காது. தாமதமாக வரும் சேமிப்பால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் இதுதான் பதில். குழுவில் தாமதத்துக்கு ஐந்து ரூபாய் அபராதம் போடுவதும் இந்த நஷ்டத்தைத் தடுக்கத்தான், பணம் சேர்க்க இல்லை.

இப்போது பானையில் ஆறு படி இருக்கிறது. அதை அப்படியே மூடி வைத்தால் என்ன ஆகும்? வண்டு வைக்கும். பணத்துக்கும் அதே கதிதான். வங்கிச் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டரை, மூன்று ரூபாய் அளவுதான் வட்டி வரும். அதே நேரத்தில் அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் அரிசி தீர்ந்து, கடையில் கடன் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பானையில் இருக்கும் இரண்டு படியை அந்த வீட்டுக்குக் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். வாரம் இரண்டு ஆழாக்கு வீதம் எட்டு வாரத்தில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். அது அசல். அதற்கு மேல், வெளியே இருக்கும் ஒவ்வொரு படிக்கும் வாரம் ஒரு பிடி கூடுதலாகப் போட வேண்டும். அது வட்டி. பாதி அரிசி திரும்பி வந்துவிட்டால் ஒரு படிதான் வெளியே இருக்கும், அப்போது கூடுதலும் ஒரு பிடிதான்.

கொடுத்ததும் பானை இறங்கிவிடுகிறது. எட்டிப் பார்க்கிறவருக்குப் பகீர் என்கிறது. ஆறு படி இருந்த இடத்தில் நாலு படிதானே இருக்கிறது! ஆனால் அரிசி எங்கும் போகவில்லை. இரண்டு படி நாலாவது வீட்டில் இருக்கிறது. அதை மறக்காமல் இருக்கப் பானைக்குப் பின்னால் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைக்கிறோம். அந்தச் சுவர்தான் நம் கணக்குப் புத்தகம். "நம்ம அரிசி எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் பானையை மட்டும் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. பானையில் இருப்பது, சுவரில் எழுதியிருப்பது, இரண்டையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். ஒரு குழுவின் முதல் வருடத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். பன்னிரண்டு பேர், வாரம் 50 ரூபாய். வாரத்துக்கு 600. மாதத்துக்கு நாலு கூட்டம் என்று வைத்துக்கொண்டால் 2,400. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். இந்த வட்டியை நிர்ணயிப்பது வங்கியும் இல்லை, அதிகாரியும் இல்லை. கூட்டத்தில் நீங்கள் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் சட்டம்.

இரண்டு மாதம் முடிந்தபோது 4,800 ரூபாய் சேர்ந்திருந்தது. அன்றைய கூட்டத்தில் மூன்று பேர் கடன் கேட்டார்கள். இட்லிக் கடை வைத்திருக்கிற அக்காவுக்குப் பெரிய இட்லிக் குண்டானும் அடுப்பும் வாங்க 3,000. இன்னொருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்தில் குறைகிற 1,500, அதுவும் பத்து நாளுக்குள். மூன்றாமவருக்கு ஆட்டுக்குட்டி வாங்க 5,000. மொத்தம் 9,500. கையில் இருப்பதோ அதில் ஏறக்குறையப் பாதி.

இங்கேதான் குழு என்பது வெறும் உண்டியலா, இல்லை யோசிக்கிற கூட்டமா என்று தெரியும். சீட்டுக் குலுக்கிப் போடலாம், ஊக்குநரே முடிவு செய்யலாம், ஆளுக்கு 1,600 என்று பிரித்தும் கொடுக்கலாம். மூன்றுமே தப்பு என்பேன். பிரித்துக் கொடுத்தால் அடுப்பும் வாங்க முடியாது, ஆடும் வாங்க முடியாது, பணம் வேறு செலவில் கரையும். அந்தக் குழுவில் மூன்று கேள்வி கேட்டார்கள். யாருக்குத் தள்ளிப்போட முடியாது? யாருடைய பணம் சீக்கிரம் திரும்பும்? யார் காத்திருந்தால் நஷ்டம் குறைவு? கட்டணத்துக்குத் தேதி இருக்கிறது, தள்ள முடியாது. இட்லிக் கடையில் தினமும் கையில் காசு புரளும், தவணை தவறாது. ஆடு இரண்டு மாதம் கழித்து வாங்கினாலும் பெரிய கெடுதல் இல்லை. அதனால் முதல் இருவருக்கும் 4,500 கொடுத்தார்கள். 300 ரூபாய் மிச்சம். ஆட்டுக்காரக்காவுக்கு அடுத்த முறை முதல் இடம் என்று அன்றே தீர்மானத்தில் எழுதினார்கள். எழுதியதால்தான் அவர் மனம் நோகாமல் எழுந்து போனார். வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் வாசலிலேயே சண்டை தொடங்கியிருக்கும்.

இட்லிக் கடை அக்காவின் கடனை மட்டும் கூர்ந்து பாருங்கள். 3,000 ரூபாய், ஆறு மாதம், மாதம் 500 அசல். முதல் மாதம் அவரிடம் 3,000 முழுவதும் இருந்தது, அதனால் வட்டி 60. இரண்டாம் மாதம் 2,500 மேல் 50. அடுத்து 40, 30, 20, கடைசி மாதம் 10. எல்லாம் கூட்டினால் 210 ரூபாய். இதுதான் குறையும் நிலுவைக்கு வட்டி போடுவது. அரிசியில் சொன்னேனே, வெளியே ஒரு படி இருந்தால் ஒரு பிடி, அதே முறை.

சில குழுக்களில் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஆறு மாதமும் 60 ரூபாயே வாங்குவார்கள். அப்படி வாங்கினால் 360 ஆகும். 150 ரூபாய் அதிகம். கடைசி மாதம் அவரிடம் இருப்பது 500 ரூபாய்தான், அதற்கு 60 ரூபாய் வட்டி என்றால் அது நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி! வாயால் "ரெண்டு வட்டிதான்" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு வட்டி வாங்குவது என்ன நியாயம்? உங்கள் குழுவில் எந்த முறை என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒருவருடைய பாஸ் புத்தகத்தை எடுத்து, வட்டிப் பகுதி மாதா மாதம் குறைகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தால் போதும்.

இதே 3,000 ரூபாயை வெளியே பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 300. ஆறு மாதத்தில் 1,800 கட்டியிருப்பார், அசல் 3,000 அப்படியே நின்றிருக்கும். கட்டிய வட்டியும் வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். இங்கே கட்டிய 210 ரூபாய் பானைக்கே வந்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவருடையதும்கூட. அப்படியானால் வட்டியே இல்லாமல் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் வாங்காமல் சேமிப்பு மட்டும் கட்டுகிற இரண்டு, மூன்று பேர் எல்லாக் குழுக்களிலும் இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் அரிசியைத்தான் மற்றவர்கள் எடுத்துச் சமைக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பிக் கிடைக்கிற கூலி இந்தக் கூடுதல் பிடி அரிசிதான்.

ஆட்டுக்காரக்காவின் முறை எப்போது வந்தது? இரண்டு மாதம் கழித்து. மிச்சம் இருந்த 300, இரண்டு மாதச் சேமிப்பு 4,800, இட்லிக் கடைத் தவணை இரண்டும் வட்டியுமாக 1,110, கல்லூரிக் கட்டணக் கடனில் திரும்பிய 1,000, அதன் வட்டி 50. மொத்தம் 7,260. அதிலிருந்து 5,000 கொடுத்தார்கள். அந்த 5,000 ரூபாயில் மற்ற இருவரும் திருப்பிக் கட்டிய பணமும் இருக்கிறது. அவர்களில் ஒருவர் தவணை தவறியிருந்தால் ஆடு இன்னும் தள்ளிப் போயிருக்கும். குழுவில் தவணை தவறுகிறவர் கடன்பட்டிருப்பது அடுத்ததாகக் காத்திருக்கிற பெண்ணிடம்தான்.

ஆட்டுக் கடனுக்கு மாதத் தவணை போடவில்லை. ஏனென்றால் ஆடு மாதா மாதம் காசு தராது. குட்டி வளர்ந்து விற்றால்தான் பணம். மாதம் 100 ரூபாய் வட்டி மட்டும் கட்டி, எட்டாம் மாதம் விற்று அசலை ஒரே தடவையாகக் கட்டுவது என்று முடிவானது. எந்தத் தொழிலுக்கு எந்தத் தவணை என்பது குழுவுக்குத்தான் தெரியும். தினக் காசு வருகிறவருக்கு வாரத் தவணைகூடப் போடலாம். அறுவடைக்குக் காத்திருக்கிறவரிடம் வாரத் தவணை கேட்டால் அவர் வேறு இடத்தில் வட்டிக்கு வாங்கித்தான் இங்கே கட்டுவார். புத்தகத்தில் நல்ல பெயர் இருக்கும், வீட்டில் புதுக் கடன் ஏறியிருக்கும்.

இப்போது வருடக் கடைசிக்கு வருவோம். பன்னிரண்டு மாதச் சேமிப்பு 28,800. வருடம் முழுக்க வந்த வட்டி 2,340. அபராதம் 60. நோட்டு, பேனா, வங்கிக்குப் போன பஸ் செலவு 200. முதல் மூன்றையும் கூட்டிச் செலவைக் கழித்தால் 31,000. இதுதான் குழுவின் சொந்த நிதி. பெட்டியில் 400 ரூபாய்தான் இருந்தது. வங்கிக் கணக்கில் 4,100. உறுப்பினர்களிடம் கடனாக 26,500. இந்த மூன்றையும் கூட்டினால் 31,000. பொருந்திவிட்டது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த எண் ஒன்று உண்டு. அந்த வருடம் கொடுத்த கடன்களின் மொத்தம் 45,000 ரூபாய். சேமிப்பு 28,800 தான், கொடுத்தது 45,000. எப்படி? 18,500 ரூபாய் அசல் திரும்பி வந்து, வந்த வேகத்தில் அடுத்தவருக்குப் போயிருக்கிறது. அரிசி அதே அரிசிதான், ஒரே படி ஒரு வருடத்தில் இரண்டு வீட்டில் உலை ஏறியிருக்கிறது.

சரி, இது எங்கே கெட்டுப்போகும்?

முதலாவது, சுவரில் மட்டும் நடக்கிற விளையாட்டு. ஒருவர் 5,000 ரூபாய் வாங்கினார், மாதம் 500. இரண்டு தவணை கட்டினார், பிறகு நாலு மாதம் கட்டவில்லை. 4,000 நிற்கிறது. வங்கியிலிருந்தோ கூட்டமைப்பிலிருந்தோ புத்தகம் பார்க்க வரப் போகிறார்கள். யாரோ யோசனை சொல்கிறார்கள்: "பழைய கடனை முடிச்ச மாதிரி எழுதிட்டு, அவங்க பேர்லயே புதுசா நாலாயிரம் குடுத்த மாதிரி எழுதிடுங்க." எழுதுகிறார்கள். பேரேட்டில் பாக்கி என்று எதுவும் இல்லை. ஆனால் பானையில் ஒரு மணி அரிசிகூட விழவில்லை. பழைய கரிக்கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் புதுக் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே நாளில், ஒரே பெயரில், ஒரே தொகை வரவாகவும் செலவாகவும் இருக்கிறதா என்று ரொக்கப் புத்தகத்தைப் பாருங்கள். இருந்தால் கேளுங்கள்.

அந்த உறுப்பினரைக் கேவலப்படுத்தச் சொல்லவில்லை. கணவருக்கு வேலை போயிருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கலாம். அதற்கு நேரான வழி இருக்கிறது. கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி, மாதம் 500 என்பதை 250 ஆக்கி, இனி பதினாறு மாதத்தில் முடியும் என்று தீர்மானம் எழுதுங்கள். "தவணை மாற்றம்" என்றே எழுதுங்கள். "புதுக் கடன்" என்று எழுதாதீர்கள். பணம் மெதுவாக வரும், ஆனால் வரும். மூடி எழுதிய கடன் பெரும்பாலும் வரவே வராது, ஏனென்றால் அது பாக்கி என்பதே ஆறு மாதத்தில் எல்லாருக்கும் மறந்துவிடும்.

இதற்குப் பக்கத்திலேயே இருப்பது, "இந்த மாசம் வட்டி மட்டும் கட்டிக்கிறேன்" என்பது. ஆட்டுக்காரக்காவும் வட்டி மட்டும்தான் கட்டினார், ஆனால் அசல் எந்த மாதம் என்று முதல் நாளே எழுதியிருந்தது. தேதி எழுதாமல் வட்டி மட்டும் ஓடினால் கவனியுங்கள். 5,000 ரூபாய்க்கு மாதம் 100 வீதம் வருடத்துக்கு 1,200 கட்டியிருப்பார், 5,000 அப்படியே இருக்கும். குழுவுக்கு வட்டி வருகிறதே என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அந்தப் பெண்ணை நாமே வட்டிக்காரராக மாறிப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, அரிசி எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது. வெளியே 26,500 என்று சொன்னேன். அது எட்டு, ஒன்பது வீட்டில் பிரிந்து இருந்தால் ஒரு வீட்டில் கஷ்டம் வந்தாலும் குழு தாங்கும். அதில் 16,000 ஊக்குநர் வீட்டிலும் அவருடைய நாத்தனார் வீட்டிலும் மட்டும் இருந்தால்? அந்த ஒரு குடும்பத்தில் ஒரு மரணமோ விபத்தோ நடந்தால் பாதிக்கு மேற்பட்ட பணம் நின்றுவிடும். அவரிடம் போய்க் கேட்கவும் யாருக்கும் வாய் வராது, ஏனென்றால் புத்தகமே அவர் கையில். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று உச்சவரம்பு எழுதி வைக்கிற குழுக்களில் இந்தத் தொல்லை வருவது குறைவு. இன்னொருவருக்காகத் தன் பெயரில் கடன் எடுத்துக் கொடுப்பதும் இதே ஓட்டைதான். வரம்பைத் தாண்ட அதுதான் குறுக்கு வழி. எடுத்தவர் கட்டாமல் போனால் பெயர் கொடுத்தவர்தான் மாட்டிக்கொள்வார். அன்றைக்குச் சாட்சிக்கு யாரும் வர மாட்டார்கள்.

மூன்றாவது, வெற்றுச் சீட்டு. வங்கிக்கு மூன்று பேரும் போக நேரமில்லை என்று பணம் எடுக்கும் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது. இது பானைக்கு மூடி இல்லாமல் வைப்பதுதான். தொகை எழுதாத சீட்டில் கையெழுத்துப் போட வேண்டாம். அதோடு வங்கிப் பாஸ் புத்தகத்தை மாதம் ஒரு முறை அச்சடித்து வந்து கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் ஒவ்வொரு மாதமும் மாறட்டும். படிக்கத் தெரியாத அக்கா இருந்தால் அவர் மகளையோ பேத்தியையோ கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

வங்கி எதற்காக இந்தப் புத்தகங்களையெல்லாம் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டில் இந்த வேலை 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அடிப்படை யோசனை எளியது. இந்தப் பெண்களிடம் அடமானம் வைக்க நிலமும் இல்லை, நகையும் இல்லை. ஆனால் தங்கள் சொந்தப் பணத்தைத் தங்களுக்குள் கொடுத்து, ஒழுங்காகத் திருப்பி வாங்கத் தெரிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தையே ஈடாக எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் குறைந்தது ஆறு மாதம் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் ஐந்தும் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதைத்தான் பஞ்ச சூத்திரம் என்கிறார்கள். கடன் தொகையையும் குழுவின் சொந்த நிதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 31,000 என்று சொன்னேனே, அந்த எண்தான். பெட்டியில் இருக்கிற 400 இல்லை.

வங்கிக் கடன் வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். அது பக்கத்துத் தெருப் பானையிலிருந்து இரவலாக வந்த அரிசி. அவர்கள் சொன்ன தேதியில் திரும்பப் போக வேண்டும். அதை நம் சேமிப்போடு கலந்து எழுதினால், வங்கித் தவணை கட்ட நம் சேமிப்பு கரைவதே தெரியாது. தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இன்னொன்று, ரிசர்வ் வங்கி விதிப்படி பத்து லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. சேமிப்பை எடுக்கக் கூடாது, அதில் உள்கடன் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், அந்த விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். சேமிப்பு முடங்கினால் உள்கடன் நின்றுவிடும், உள்கடன் நின்றால் பானை வெறும் அலங்காரம்தான்.

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துக்கொள்ளலாமா என்று தீபாவளிக்கு முன்னால் ஒரு பேச்சு வரும். பிரித்தால் ஆளுக்கு 2,583 ரூபாய். கட்டிய 2,400, வட்டியில் பங்கு 183. என் கருத்து, அசலைத் தொட வேண்டாம் என்பதுதான். பானையைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டால் அடுத்த வாரம் மருத்துவச் செலவோடு வருகிற பெண்ணுக்கு 600 ரூபாய்தான் இருக்கும். பண்டிகைக்கு வேண்டுமானால் வட்டியில் ஒரு பகுதியைப் பிரியுங்கள், அதையும் தீர்மானம் எழுதிப் பிரியுங்கள்.

ஒருவர் குழுவை விட்டுப் போவது வேறு. மகள் ஊருக்குக் குடிபோகிறார் என்றால் அவர் சேமிப்பு 2,400, அவர் கட்ட வேண்டிய கடன் 1,000 இருந்தால் கழித்து 1,400 கொடுக்க வேண்டும். வட்டிப் பங்கு உண்டா இல்லையா என்பதை அவர் போகிற அன்று பேசாதீர்கள், இப்போதே விதியாக எழுதுங்கள். கூடவே ஒரு மாத அவகாசமும் எழுதுங்கள். ஏன் என்றால், மூன்று பேர் ஒரே வாரத்தில் கிளம்பினால் 7,200 வேண்டும், கையிலும் வங்கியிலும் சேர்த்து இருப்பது 4,500. பணம் இருக்கிறது, ஆனால் மற்ற வீடுகளில் இருக்கிறது. தவணையாகத்தான் திரும்பி வரும். அந்த வாரம் கொடுக்க முடியாததை ஏமாற்று என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். எழுதி வைத்த விதி இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

இனி உங்கள் புத்தகங்களுக்கு வருவோம். ஊக்குநர் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணி நடுவில் வையுங்கள். முதல் பிரதிநிதி வங்கிப் பாஸ் புத்தகத்தின் கடைசி இருப்பைச் சொல்லுங்கள். பிறகு ஊக்குநரும் பிரதிநிதிகளும் உட்பட ஒவ்வொருவரும் உங்கள் சின்னப் பாஸ் புத்தகத்தை எடுத்து, நான் கட்ட வேண்டியது இவ்வளவு என்று வாயால் சொல்லுங்கள். இரண்டாம் பிரதிநிதி அதைக் கரும்பலகையில் எழுதட்டும். மூன்றையும் கூட்டிப் பொதுப் பேரேட்டில் இருக்கிற தொகையோடு ஒப்பிடுவோம். பொருந்தினால் இந்த வாரச் சேமிப்பை வாங்க ஆரம்பிக்கலாம். பொருந்தாவிட்டால் கடைசியாகப் பொருந்திய கூட்டம் எது என்று தேடி, அங்கிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.